மயக்க சிரப்புக்கு முன் பால் கொடுக்கலாமா?

"பையனுக்கு 4 வயது. நாளை காலை 10 மணிக்கு ஜெயநகரில் பல் டாக்டர். பயப்படுவதால் மயக்க மருந்து தருவார்களாம். காலையில் பால் கொடுக்கலாமா?"

சிரப் என்றால் வேண்டாம். 10 மணிக்கு சிரப் கொடுப்பதாக இருந்தால் அதிகாலை 4 மணியோடு பாலை நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் 8 மணி வரை. பால் வயிற்றில் திரிந்து கட்டியாகிவிடும், அதனால் அதற்கும் 6 மணி நேரக் கணக்கு. அரைத்தூக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகலாம், பயமே அதுதான். பாட்டி கையால் ஒரு பிஸ்கட் போயிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் மகளுக்கு அப்படித்தான் தேதி தள்ளிப்போனது, அதுவே சரி.

ஒருவேளை அவர்கள் சொன்னது மூக்கில் மாஸ்க் வைக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடாக இருக்கலாம். அதில் குழந்தை விழித்தே இருக்கும், பட்டினி விதியும் பெரும்பாலும் இவ்வளவு கடுமையில்லை. இன்றே போன் செய்து எது என்று கேளுங்கள். வாயை மூடி ஒரு நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வாயு வேலை செய்யாது.

சளி, இருமல், இரவில் குறட்டை இருந்தால் எந்த முறையானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், சிரப் என்றால் திரும்பும்போது இரண்டு பெரியவர்கள் வேண்டும். காரில் தூங்கினால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் அடைபடலாம். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தாடையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.