ஐந்து லட்சம் நேயர்கள்

அன்புள்ள அண்ணா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு வானொலியில் சனிக்கிழமை காலை நேரலை நிகழ்ச்சி செய்கிறேன். விளம்பரக் குரல் வேலை தேடி, சுயவிபரக்கோவையும் டெமோ இணைப்பும் கொழும்பில் சில கலையகங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?

க.

அன்புள்ள க.,

‘திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து லட்சம் நேயர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்தச் சனமே சுமார் 3,80,000. அதில் கால்வாசிக்கு மேல் சிங்களவர். பிறகு சனம் கூடியிருந்தாலும், கைக்குழந்தை வரைக்கும் எல்லாரும் உங்களைக் கேட்டால்கூட இந்தக் கணக்குச் சரிவராது. நிலையத்தின் விளம்பரத் தாளிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலைவரிசை எட்டும் இடத்தில் வாழ்பவர்கள் வேறு, வானொலியைப் போட்டவர்கள் வேறு, சனிக்கிழமை காலை உங்களைக் கேட்டவர்கள் வேறு. விளம்பரத் துறையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி. இந்த ஒரு வரியால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்.

உங்களிடம் இதைவிட நல்ல கணக்கு இருக்கிறது, கலையகத்து அழைப்புப் பதிவுப் புத்தகம். கடைசி மூன்று மாதத்தை எடுங்கள். ஒரே ஆள் வாராவாரம் எடுப்பார், அதனால் அழைப்பை எண்ணாமல் தொலைபேசி எண்களை எண்ணுங்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று ஊர்வாரியாகப் பிரித்து, எந்த மாதங்களின் கணக்கு என்பதோடு எழுதுங்கள். தொகை சின்னதாகத்தான் வரும். ஆனால் கேட்டால் காட்டலாம்.

டெமோ நாலு நிமிடம் ஓடுகிறது. முகப்பிசை, பாட்டின் வால், அதற்குப் பிறகுதான் உங்கள் வணக்கம். தெரிவு செய்பவர் பெரும்பாலும் முதல் பத்து விநாடியிலேயே முடிவெடுத்துவிடுவார். அதற்குள் அவர் உங்கள் குரலைக் கேட்கவே இல்லை. விளம்பரத்துக்குத் தனியாக ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் போதும். அவசரச் சலுகை விளம்பரம் ஒன்று, நிதானமான வங்கி விளம்பரம் ஒன்று, ஆவணப்பட வர்ணனை ஒன்று. எது உங்களுக்கு நன்றாக வருகிறதோ அது முதலில்.

வானொலித் துண்டு வேறு கோப்பாக இருக்கட்டும். பாடல்களை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வையுங்கள். மூன்றாவது நிமிடத்தில் மீன் விலை பற்றி நிறுத்தாமல் பேசும் கிண்ணியாக்காரரை மனம் நோகாமல் அடுத்த பாட்டுக்குத் திருப்புகிறீர்களே, அந்த இடம் அருமை. அறிவிப்பாளர் வேலைக்கு அதுதான் முதலில் வரவேண்டும். விளம்பரக் கலையகத்துக்கு அது தேவையில்லை.

‘சிங்களம் சரளம்’ என்றால் பத்து விநாடிச் சிங்கள வாசிப்பும் டெமோவில் இருக்கவேண்டும். கடையில் பேசும் சிங்களம் என்றால் ‘உரையாடல் அளவில்’ என்று போடுங்கள். கலையக அனுபவத்தில் நிலையத்தின் பெயரோடு நிற்காமல், ஒலிக்கலவை மேசையை நீங்களே இயக்குவதையும், உங்கள் பதிவை நீங்களே வெட்டித் தருவதையும் எழுதுங்கள். ஆள் செலவு மிச்சம் என்பதால் அதைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், உங்கள் டெமோ இணைப்பை அழுத்தியதும் எனக்கு வந்தது "You need access". நான் அனுமதி கேட்டுக் காத்திருந்தேன், கலையகக்காரர் காத்திருக்கமாட்டார். கூகுள் டிரைவில் பகிர்வை "Anyone with the link" என்று மாற்றுங்கள். உங்கள் கணக்கில் எப்போதும் திறக்கும் என்பதால் பிழை உங்களுக்குத் தெரியாது. கணக்கில் நுழையாத வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.