ரமலான் நோன்பில் பயிற்சி நேரம், உணவு, தண்ணீர்: ஒரு 1500 மீட்டர் ஓட்டக்காரருக்கான கணக்கு

கேள்வி: நான் 1500 மீட்டர் ஓடுகிறேன், எடை 60 கிலோ. ரமலானில் பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. பயிற்சியை எந்த நேரத்துக்கு மாற்றுவது? எவ்வளவு சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது?

பதில்: ஓட்டப் பயிற்சியாளன் என்ற முறையில், நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வகுத்துக் கொடுப்பது உணவுப் பட்டியலை அல்ல, எந்தப் பயிற்சி நோன்பு திறப்பதற்கு முன், எந்தப் பயிற்சி அதற்குப் பின் என்ற பிரிவினையைத்தான். அது சரியாக அமைந்துவிட்டால் உணவும் தண்ணீரும் பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

சஹர் அதிகாலை 4:45 மணிக்கு முடிந்து, மாலை 6:30 மணிக்கு நோன்பு திறக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மெதுவோட்டத்தை மாலை 5:40 மணிக்குத் தொடங்கி 6:20 மணிக்கு முடியுங்கள். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தைத் தாண்ட வேண்டாம். ஓடாமல் இருக்கும் பகலில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்புதான் வெகுவாகக் குறைகிறது. தசைகளில் உள்ள சேமிப்பு பெரும்பாலும் அப்படியே இருப்பதால், நாற்பது நிமிட மெதுவோட்டத்தை உடல் தாங்கும். ஆனால் அதை 5 மணிக்கே முடித்துவிட்டால், வியர்த்த உடலோடு ஒன்றரை மணி நேரம் வறண்டு உட்கார்ந்திருக்க நேரும். சஹர் முடிந்தவுடன் ஓடுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அப்போது இழக்கும் நீரை ஈடுசெய்ய மாலைவரை வழியே இருக்காது.

400 மீட்டர், 600 மீட்டர் என்று விட்டுவிட்டு வேகமாக ஓடும் கடினப் பயிற்சியை நோன்பு திறந்த பிறகுதான் வைக்க வேண்டும். அத்தகைய ஒரு பயிற்சியில் நீங்கள் 1.2 லிட்டர் வியர்வையை இழக்கக்கூடும். அது உங்கள் எடையில் 2 விழுக்காடு. அந்த அளவு இழப்பிலேயே தாங்குதிறன் குறையத் தொடங்கும் என்றிருக்க, பகல் முழுவதும் குடிக்காததால் ஏற்கெனவே குறைந்திருக்கும் நீரும் சேர்ந்தால் அன்றைய வேகம் நிச்சயமாகக் கிடைக்காது.

கடினப் பயிற்சி உள்ள நாளில் 6:30 மணிக்கு நோன்பு திறக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பேரீச்சம்பழம் மூன்று, ஒரு குவளைப் பழச்சாறு, சிறிதளவு ரொட்டி என்று ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்தும், பழச்சாற்றையும் சேர்த்து அரை லிட்டர் நீரும் அப்போதைக்குப் போதும். எண்ணெயில் பொரித்தவற்றைப் பயிற்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஏனெனில் கொழுப்பு இரைப்பையை மெதுவாகவே விட்டுச் செல்லும். இரண்டாவது 600 மீட்டரில் அது நெஞ்சுவரை வந்து நிற்கும். இஷாவும் தராவீஹ் தொழுகையும் முடிந்து, இடையில் 400 மில்லிலிட்டர் குடித்து, 9 மணிக்கு உடலைச் சூடுபடுத்தத் தொடங்கினால் 10 மணிக்குள் முடித்துவிடலாம். ஓட்டங்களின் வேகத்தைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். வழக்கமாக எட்டு முறை ஓடுபவர் ஆறு முறை ஓடினால் போதும். வாரத்துக்கு இரண்டு கடினப் பயிற்சிகளுக்கு மேல் இந்த மாதத்தில் வேண்டாம்.

தண்ணீரின் அளவைத் தாகத்தை வைத்து முடிவு செய்யாமல் எடை இயந்திரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பயிற்சிக்கு முன் 60.0 கிலோ, பின்னர் வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது 59.1 கிலோ, இடையில் குடித்தது 300 மில்லிலிட்டர் என்றால், வியர்வையாகப் போனது 1.2 லிட்டர், இன்னும் ஈடாகாமல் நிற்பது 900 மில்லிலிட்டர். குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராக வெளியேறிவிடும் என்பதால் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.35 லிட்டர் தேவைப்படும். இதில் 850 மில்லிலிட்டரை இரவு உணவோடும் அதற்குப் பின்னரும் சிறிது சிறிதாகக் குடித்துவிட்டு, மிச்சமுள்ள 500 மில்லிலிட்டரைச் சஹருக்கு வைத்துக்கொள்ளலாம். இரவு முழுவதையும் கூட்டினால் இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல் வரும். வெயில் காலத்தில் இதுவும் போதாது.

சஹரில் கடைசி ஐந்து நிமிடங்களில் ஒன்றரை லிட்டரைக் கடகடவென்று குடித்துவிட்டால் பகல் முழுவதும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஒரே மூச்சில் அவ்வளவு வெறும் தண்ணீர் உள்ளே போனால் இரத்தம் நீர்த்துப்போகிறது; நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் சுரப்பு குறைகிறது; சிறுநீரகங்கள் உபரியை இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகின்றன. உப்புள்ள உணவோடு குடித்த அரை லிட்டர், வெறும் வயிற்றில் குடித்த ஒரு லிட்டரைவிட அதிக நேரம் உடலில் நிற்கும்.

இரவு 10:20 மணிக்குச் சாப்பிடுவதுதான் அன்றைய முழு உணவு. இதில் மாவுச்சத்துக்கே முதலிடம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிராம்வரை தேவைப்படுவதால், இதிலும் சஹரிலும் சேர்த்து அதை எட்ட வேண்டும். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் நோன்பு திறப்பு, இரவு உணவு, சஹர் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 கிராம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவோட்ட நாளில் ஓடிய கையோடு நோன்பு திறப்பதால், முழு உணவை 7 மணிக்கே சாப்பிட்டுவிடலாம்.

உறக்கம் துண்டாவதைத் தவிர்க்க முடியாது. இரவு 11:30 முதல் 4 மணிவரை, பஜ்ர் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம், பிற்பகலில் அரை மணி நேரம் என்று தேற்றிக்கொள்வதுதான் வழி. முதல் வாரத் தலைவலியைப் பலர் தண்ணீர்க் குறைவு என்று நினைக்கிறார்கள். காபி, தேநீர் திடீரென்று நின்றதும் அதற்குக் காரணமாகலாம் என்பதால் ரமலானுக்கு ஒரு வாரம் முன்பே அவற்றைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள்.

திட்டம் சரியாக நடக்கிறதா என்று அறிய, சஹருக்கு எழுந்ததும் கழிவறை சென்றுவந்து எடை பாருங்கள். முந்தைய நாளைவிட ஒரேயடியாக ஒரு கிலோ குறைந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. வாரக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் உணவு போதவில்லை. பிற்பகலில் சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது நோன்பில் இயல்புதான். சஹர் நேரத்திலும் அப்படியே இருந்தால்தான் இரவில் குடித்தது குறைவு என்று பொருள்.

பகலில் போட்டி வந்துவிட்டால், 1500 மீட்டர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் அந்த ஓட்டத்தைவிட அதற்கு முந்தைய ஒரு மணி நேரமே உங்களை அதிகம் வறளச் செய்யும். சூடுபடுத்தும் நேரத்தைப் பாதியாக்கி, நிழலில் இருந்து, கழுத்திலும் கைகளிலும் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் தகுதிச் சுற்றும் இறுதியும் இருந்தால் கணக்கு மாறிவிடும். அந்த நாளுக்கு உங்களுக்கு என்ன சலுகை உண்டு என்பதை முன்கூட்டியே மார்க்க அறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பைப் பிறகு நோற்கும் அனுமதி குர்ஆனிலேயே இருக்கிறது. ஓடும்போது தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அங்கேயே நிறுத்தி, உடலைக் குளிர்வித்து, விழுங்கும் தெளிவு இருந்தால் நோன்பை முறித்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சோ நினைவோ தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.