மன்னிப்புக் கடிதமா, அலுவலகக் கடிதமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். என் மனைவி திருச்சியிலிருந்து வந்தவர். தீபாவளியன்று ஈசூனில் உள்ள என் அம்மா வீட்டில், எல்லாரும் சாப்பிடும்போது, அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தேன். அன்றிலிருந்து பிள்ளையைப் பற்றி மட்டுமே என்னிடம் பேசுகிறார். ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்பை எழுதி, அதைத் தமிழாக்கி அனுப்பினேன்: “என் வார்த்தைகள் உன் உணர்வுகளைப் புண்படுத்தியிருந்தால், அதற்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறேன். என் செயலுக்கு முழுப் பொறுப்பேற்கிறேன்.” “ஆபீஸ் லெட்டரா இது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் எழுதியதில் என்ன பிழை?

அன்புள்ள வாசகருக்கு,

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால், “மன்னிப்புக் கோருகிறேன்” என்பது நாம் அறிவிப்புப் பலகையிலும் மேடையிலும் காணும் தமிழ். வீட்டில் பேச்சுத்தமிழில் பழகும் ஒருவருக்கு எழுத்துத்தமிழில் செய்தி வந்தால், சொல்வதற்கு முன்பே நீங்கள் ஓரடி விலகி நின்றதாகத்தான் படும். ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லாததால், உங்கள் வரைவில் அந்தக் குறை தெரிந்திருக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் “புண்படுத்தியிருந்தால்” என்பதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, “இருந்தால்” என்பதற்கு அங்கே இடமில்லை. மேலும், புண்படுத்தியது உங்கள் “வார்த்தைகள்” என்றாகிவிட்டது. புண்படுத்தியவராக நீங்கள் அந்த வாக்கியத்தில் வரவே இல்லை. தவறு இன்னதென்று சொல்லாமல் “என் செயல்” என்பதும் அப்படித்தான்.

“மன்னிச்சிடு” என்று மாற்றினால் போதுமா என்று கேட்பீர்கள். அது பேச்சு வழக்குதான். ஆனாலும் ஏவல் வினை, அதாவது, அடுத்த வேலையை அவர் தலையில் வைக்கும் சொல். “சாரி” காலை மிதித்ததற்குப் போதும், இதற்குப் போதாது.

எனவே ஆங்கில வரைவை மூடி வைத்துவிட்டு, அன்று நடந்ததை நண்பரிடம் சொல்வதுபோல் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“அன்னிக்கு அம்மா வீட்ல எல்லார் முன்னாடியும் நீ இங்கிலீஷ் பேசுறதைச் சொல்லி நான் சிரிச்சேன். உன் முகம் மாறினதைப் பார்த்தும் நிறுத்தல. தப்பு என்னோடதுதான். நீ உடனே எதுவும் சொல்ல வேணாம். உனக்குச் சரின்னா, அடுத்த தடவை அங்க போறப்ப அவங்க முன்னாடியே இதைச் சொல்றேன்.”

முகம் மாறியதை நீங்கள் உண்மையில் கவனிக்கவில்லை என்றால், அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். “விளையாட்டுக்குத்தான் சொன்னேன்” என்ற விளக்கத்தையும் சேர்க்காதீர்கள். கடைசி வரி முக்கியமானது, ஏனெனில் அவமானம் நிகழ்ந்தது பலர் முன்னிலையில், நீங்கள் அனுப்பியதோ அவருடைய கைப்பேசிக்கு மட்டும். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பதில் வராவிட்டால், அதே செய்தியை மறுபடியும் அனுப்பாமல், பிள்ளை உறங்கிய பிறகு நேரில் ஒருமுறை சொல்லுங்கள்.