எல்பிடபிள்யூ: பக்கவாட்டுப் படம் மட்டும் போதாது

"கிரிக்கெட்டில் ஸ்டம்பைத் தட்டவிருந்த பந்தைக் காலால் தடுத்தால் அவுட் தரும் எல்பிடபிள்யூ விதியை விளக்க, கிருஷ்ணகிரி பள்ளி மாணவர்களுக்காக ஸ்லைடில் படம் போட்டேன். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கும் எல்லாரும் அவுட் என்கிறார்கள். என்ன செய்வது?"

ஆடுகளத்தை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து, இரு முனைகளின் ஸ்டம்புகளையும் இணைக்கும் பட்டையை வண்ணமிட்டு, பந்து குத்திய இடத்திற்கு மட்டும் முதல் ஸ்லைடை ஒதுக்குங்கள்.

உங்கள் படம் பக்கவாட்டில் வரையப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் உயரம் தெரியுமே தவிர, பந்து எந்தப் பக்கம் குத்தியது என்பது தெரியாது. ஆகவே அதை மூன்றாவது ஸ்லைடில், பந்து ஸ்டம்பைத் தட்டியிருக்குமா என்ற கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஸ்லைடு, பந்து காலில் பட்ட இடத்திற்கு உரியது. மட்டையாளர் பந்தை உண்மையாகவே ஆட முயன்றிருந்தால், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்ட பந்துக்கு அவுட் இல்லை. ஆட முயலாமல் காலை நீட்டியிருந்தால் அவுட் ஆகலாம். இந்த வேறுபாட்டிற்குத் தனிப்படம் வரைவது நல்லது.

பிறகு இதைக் கேட்டுப் பாருங்கள்: வலக்கை மட்டையாளருக்கு வீசிய பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தித் திரும்பி, நடு ஸ்டம்புக்கு நேரே காலில் படுகிறது, தடுக்காவிட்டால் ஸ்டம்பைத் தட்டியிருக்கும். முதல் ஸ்லைடிலேயே "அவுட் இல்லை" என்று நிறுத்துபவருக்கு விதி புரிந்துவிட்டது.

இடக்கை மட்டையாளருக்கு ஆஃப், லெக் பக்கங்கள் இடம் மாறும் என்பதால் படத்தைத் திருப்பி வரையுங்கள். பந்து முதலில் மட்டையில் பட்டிருந்தால் இந்த மூன்று கேள்விகளுமே எழாது.