மஞ்சள் கருவின் இரும்பு எங்கே போகிறது? முட்டை சாப்பிடும் சைவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இறைச்சி, மீன் தொடாமல் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் பி12, இரும்பு பற்றியவை.

"தினமும் ஒரு முட்டை சாப்பிட்டால் பி12 மாத்திரை வேண்டாம்தானே?"

அப்படி எண்ணித்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நடுத்தர அளவுள்ள முட்டை ஒன்றில் பி12 சுமார் 0.45 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 2.4, இதைவிடக் கூடுதலாகச் சொல்லும் நாடுகளும் உண்டு. ஆக, கணக்குப்படியே ஐந்து முட்டைக்கு மேல் வேண்டும்.

அதுவும் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. 1970களில் கோழிகளுக்கே அடையாளமிட்ட பி12 கொடுத்து, அவை இட்ட முட்டையை மனிதர்களைச் சாப்பிட வைத்துச் சோதித்தார்கள். பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஏறவில்லை. முட்டையில் உள்ள சில புரதங்கள் பி12-ஐ இறுகப் பிடித்துக்கொள்வதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அவை சிறிய சோதனைகள்தான், அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தாராளமாகப் பாதி சேர்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு முட்டையில் கையில் நிற்பது 0.2 சொச்சம்தான். ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்கிறது, அது முட்டையைவிட நன்றாகவும் சேர்கிறது. முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு பி12 பரவாயில்லாமல் இருந்தால், பெரும்பாலும் பாலும் தயிரும் செய்த வேலை அது. பால் பிடிக்காமல் முட்டையை மட்டும் நம்புகிறவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

"கொலஸ்ட்ராலுக்குப் பயந்து வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுகிறேன். தினமும் மூன்று. பி12 கிடைக்கும் அல்லவா?"

கிடைக்காது. பி12, இரும்பு, டி வைட்டமின், கோலின் எல்லாமே மஞ்சள் கருவில்தான் குடியிருக்கின்றன. வெள்ளைக்கருவில் நல்ல புரதம் உண்டு, ரைபோஃப்ளேவின் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். மஞ்சள் கருவை உங்கள் மருத்துவரே நிறுத்தச் சொல்லியிருந்தால் சரி. நீங்களாகவே நிறுத்தியிருந்தால் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

"மஞ்சள் கரு எவ்வளவு சிவப்பாக இருக்கிறதோ அவ்வளவு இரும்புச்சத்து என்று படித்தேன். முட்டையில் இரும்பு நிறைய என்பதும் உண்மைதானே?"

நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. கோழி தின்ற தீவனத்தில் உள்ள நிறமிகள் அப்படியே மஞ்சள் கருவில் இறங்குகின்றன. தீவனத்தை மாற்றினால் நிறமும் மாறிவிடும்.

முட்டையில் இரும்பு உண்டு என்பது உண்மை. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டையை அளவுக்கு மீறி வேகவைத்து அறுத்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு வளையம் தெரியும். வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தக வாயு மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து உண்டாவது அது. கெட்டுப்போன முட்டை என்று வீசிவிடுகிறார்கள், தேவையில்லை.

ஆனால் முழு முட்டையில் இருக்கும் இரும்பு 1 மில்லிகிராமைக்கூட எட்டாது. அதுவும் இறைச்சியில் இருக்கும் வகை இரும்பு இல்லை. பருப்பிலும் கீரையிலும் இருக்கும் வகைதான். மஞ்சள் கருவில் ஃபாஸ்விடின் என்றொரு புரதம் இருக்கிறது, இரும்பை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். வளரும் குஞ்சுக்கு அது சேமிப்புப் பெட்டி; நம் குடலுக்குப் பூட்டிய பெட்டி. இதோடு போவதில்லை, தட்டில் பக்கத்தில் இருக்கும் பருப்பின் இரும்பையும் ஓரளவு தடுத்துவிடுகிறது. வேகவைத்த முட்டை ஒன்று சேர்த்ததால் அந்த வேளை உணவிலிருந்து ஏறிய இரும்பு கால்வாசிக்கும் மேல் குறைந்ததாக அளந்திருக்கிறார்கள்.

"ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த அளவு ஒரே வேளை உணவை வைத்து எடுத்தது. பல வாரம் தொடர்ந்து பார்த்தால் இந்தத் தடைகள் எல்லாம் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லையே?"

நியாயமான ஆட்சேபம். ஒரு வேளையை மட்டும் அளந்தால் தடுப்பதும் தூண்டுவதும் இரண்டுமே பெரிதாகத் தெரியும். கலந்து சாப்பிடும் அன்றாட வாழ்க்கையில் அது மங்கிப்போகிறது. உடம்பில் இரும்பு குறையக் குறையக் குடலும் கூடுதலாக உறிஞ்சப் பார்க்கும். அதனால் இருப்பு நன்றாக உள்ள ஒருவரிடம் முட்டையையும் பருப்பையும் பிரித்துச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். இருப்பு வற்றியவருக்குச் சொல்வேன், பிரிப்பதில் நஷ்டம் ஏதுமில்லை என்பதால். அவர்களுக்கு நடைமுறையில் எத்தனை லாபம் என்பதில் நானும் நீங்களும் இன்னும் வாதாடலாம்.

"வயது 36. இரண்டு வருடமாகத் தினம் இரண்டு முட்டை. ஆனாலும் ஹீமோகுளோபின் 10.6, ஃபெரிட்டின் 7, பி12 150. எம்.சி.வி. 88, அது நார்மல் என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு? பாதத்தில் மதமதப்பும் இருக்கிறது."

கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். மதமதப்பு இருந்தால் சாப்பாட்டை மாற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பி12 குறைவு நரம்பைத் தொட்டிருக்கலாம், நாளாக ஆகத் திரும்பாமலும் போகலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் தேறியது போலக் காட்டும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும்.

இப்போது அந்த நார்மல் 88. எம்.சி.வி. என்பது சிவப்பணுக்களின் சராசரி அளவு. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும், பி12 குறைந்தால் பெருத்துவிடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் வந்து நின்றுகொள்ளும். சின்னதும் பெரியதுமாகக் கலந்து கிடப்பதை அதே அறிக்கையில் ஆர்.டி.டபிள்யூ. என்ற வரி காட்டிக்கொடுக்கும். உங்களுடையது 15-க்கு மேல் இருந்தால் எனக்கு ஆச்சரியம் இராது.

நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய சாப்பாட்டுக் கணக்கையும் பார்த்தேன். காலையில் ரொட்டி, முட்டை, டீ. மதியம் சோறு, பருப்பு, கீரை, மறுபடி முட்டை, கை கழுவியதும் டீ. பால் என்பது டீயில் ஊற்றுவது மட்டும், இரண்டும் சேர்த்தால் அரை டம்ளர். பி12 முட்டையில் 0.9, பாலில் 0.5 என்று 1.4 வருகிறது. முட்டையில் உள்ளது முழுதாகச் சேராது என்று பார்த்தோம், ஆகத் தினமும் துண்டு விழுகிறது. கல்லீரல் சேமிப்பு வருடக்கணக்கில் ஈடுகொடுக்கும் என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. இரும்பில், மாதவிலக்கு உள்ள வயதில் தேவை 18 மில்லிகிராம். இரண்டு முட்டையில் வருவது 2-க்கும் கீழே. மிச்சத்தைத் தர வேண்டிய பருப்பும் கீரையும் இருக்கும் அதே வேளையில் முட்டையையும் டீயையும் வைத்திருக்கிறீர்கள். இரண்டில் டீதான் பெரிய தடை.

ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7-க்கு இறங்கியதற்குச் சாப்பாடு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, வயிற்றில் எங்காவது கசிகிறதா என்பதைப் பார்த்தே ஆகவேண்டும். இந்த அளவுக்கு வற்றியதைத் தட்டால் நிரப்ப முடியாது, மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். இரும்பு மாத்திரையை முட்டை, பால், டீ எதோடும் சேர்க்காதீர்கள். சரியாக ஏறுகிறது என்றால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 அல்லது அதற்கு மேல் கூடியிருக்கும். கூடவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

"எனக்கும் பி12 குறைவுதான். வயது 62, நெஞ்செரிச்சலுக்குப் பல வருடமாக மாத்திரை. முட்டையை நான்காக்கிவிடவா?"

உங்கள் கதை வேறு ஐயா. உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழற்ற வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தைத்தான் நீங்கள் மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிறீர்கள். நான்கு முட்டை சாப்பிட்டாலும் கதவு பாதி மூடித்தான் இருக்கும். மாத்திரையாக வரும் பி12 ஏற்கெனவே கழன்றது, அதற்கு அமிலம் தேவையில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12-ஐ அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"முட்டை சைவமா அசைவமா என்று முதலில் சொல்லுங்கள்."

அது உங்கள் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது. நான் தட்டில் வந்த பிறகுதான் உள்ளே நுழைவேன்.

"பி12-ம் அரைகுறை, இரும்பும் ஏமாற்று என்றால் முட்டை எதற்கு?"

கோபம் புரிகிறது. பருப்பின் புரதத்தில் மெத்தியோனின் குறைவு, முட்டையில் அது தாராளம். இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை. இன்னொன்று கோலின். முட்டை ஒன்றில் சுமார் 150 மில்லிகிராம். பருப்பு, காய், பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்த அளவைத் தொட நிறையச் சாப்பிட வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு இதற்காகவே முட்டையைச் சொல்வேன். டி வைட்டமினும் உண்டு, ஆனால் சொற்பம்.

"36 வயது என்று எழுதியவள்தான். ஆர்.டி.டபிள்யூ. 18.2 இருக்கிறது. நாளை மருத்துவரிடம் போகிறேன். சாப்பாட்டை எப்படி மாற்றட்டும்?"

மதிய முட்டையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். பருப்பு, கீரையோடு எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள், சூடு ஆறிய பிறகு. டீ ஒரு மணி நேரம் கழித்து. இரவு ஒரு டம்ளர் பால் அல்லது தயிர். அந்த 18.2 உள்ள தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். மேலே எழுதிய ஆய்வக நண்பர் தனியாக ஒன்று நினைவூட்டினார்: இன்னும் ரத்தம் எடுக்கவேண்டி இருந்தால் பி12 மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எண் ஏறிப்போய்க் காட்டும். சரியாகச் சொன்னார்.