இஸ்தான்புல் பக்கம்தான், ஆனால் துணி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: லண்டனில் இருந்துகொண்டு இணையத்தில் டி-ஷர்ட் விற்கிறேன். வெள்ளை, கறுப்பு பிளெயின் நாளுக்கு 20 போகும், கூடவே பண்டிகை சீசனுக்கு பிரிண்ட் போட்டது. திருப்பூர் சரக்கு எல்லாச் செலவும் சேர்த்து என் கிடங்குக்கு 4.10 பவுண்டுக்கு வருகிறது. போன தடவை ஒரு லோடு 118 நாள் இழுத்தடித்தது. இஸ்தான்புல் ஏஜென்ட் ஒருவர் 5 பவுண்டுக்கு, நாலே வாரத்தில் தருகிறேன் என்கிறார். மாறிவிடலாமா?

பதில்: பிளெயினை மாற்றாதீர்கள். பிரிண்ட்டை மாற்றலாம், அதுவும் ஒரு விஷயத்தை விசாரித்த பிறகு.

முதலில் கூலி. துருக்கியில் கூலி அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் டி-ஷர்ட்டில் அது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு சாதாரண டி-ஷர்ட் தைக்க ஏழெட்டு நிமிடம் போதும், விலையில் பெரும்பங்கு துணிதான். ஜாக்கெட்டாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தையல் இருக்கும், அங்கே கூலி வித்தியாசம் ஆளைக் கொல்லும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த 5 பவுண்ட் எத்தனை மாதம் நிற்கும் என்று எழுதி வாங்குங்கள்: துருக்கியில் குறைந்தபட்ச மாதக் கூலி 2024 தொடக்கத்தில் 11,402 லிராவிலிருந்து 17,002 ஆனது, 2025-ல் 22,104. லிராவும் சரிந்துகொண்டே இருப்பதால் இதெல்லாம் அப்படியே உங்கள் விலையில் ஏறாது, ஆனாலும் அடுத்த ஜனவரியில் ஏஜென்ட் இதே விலையைச் சொல்வார் என்று நம்பி உட்காராதீர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. 118 நாள் உங்களைப் பயமுறுத்திவிட்டது, சரி. பழைய பில்களை எடுத்து, ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து கிடங்குக்கு வந்த நாள் வரை எண்ணுங்கள். உங்கள் கடைசி ஆறு லோடு 78, 85, 92, 81, 118, 86 என்று இருந்தால் சராசரி 90. சராசரியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, 90 நாளுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தால் தீர்ந்தது. கையைக் கடிப்பது 90-க்கும் 118-க்கும் நடுவே இருக்கும் 28 நாள். அந்த 28 நாளும் கடை காலியாகாமல் இருக்க நாளுக்கு 20 வீதம் 560 உருப்படி எப்போதும் கூடுதலாகக் கிடங்கில் கிடக்க வேண்டும். இஸ்தான்புல்லில் இந்தத் தாமதம் 12 நாள்தான் என்று வைத்தால் 240 போதும். பணமாகப் பார்த்தால் சுமார் 1,100 பவுண்ட் வித்தியாசம். கடலில் 40 நாள் மிதக்கும் சரக்குக்கும் லாரியில் 8 நாள் வரும் சரக்குக்கும் நடுவே இன்னொரு 2,500 பவுண்ட் முடங்கும். மொத்தம் 3,600. வட்டி, கிடங்கு வாடகை எல்லாம் சேர்த்து 25 சதவீதம் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு 900 பவுண்ட். இதை மிச்சம் பிடிக்க வருஷம் 7,300 உருப்படிக்கு 90 பென்ஸ் கூடக் கொடுத்தால் 6,570 பவுண்ட். இந்தக் கணக்கை எந்த ஏஜென்டும் உங்களிடம் போட்டுக் காட்ட மாட்டார்.

பிரிண்ட் வேறு கதை. திருப்பூரில் 1,000 போட்டு 700 விற்று, மீதி 300-ஐ ஒரு பவுண்டுக்குத் தள்ளிவிடுகிறீர்கள் என்றால் 930 பவுண்ட் போச்சு. இஸ்தான்புல்லில் முதலில் 500, இரண்டு வாரம் விற்பனையைப் பார்த்துவிட்டு இன்னொரு 200 என்று வாங்கினால் கூடுதல் செலவு 630 பவுண்ட்தான். ஆனால் மிச்சத்தை 2 பவுண்டுக்கு மேல் தள்ள முடிந்தால் அப்போதும் திருப்பூர்தான் லாபம், இதை மறக்காதீர்கள். பக்கத்து நாட்டில் வாங்குவதன் உண்மையான பலன், ஒரு பிரிண்ட் ஓடினால் சீசன் முடிவதற்குள் மறுபடி வாங்க முடிவதுதான்.

அது நடக்க வேண்டுமென்றால் நாலு வாரம் உண்மையாக இருக்க வேண்டும். நான் சொன்ன விசாரிக்க வேண்டிய விஷயம் இதுதான். நாலு வாரம் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது ஏஜென்ட் துணி ஃபேக்டரிக்குள் வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், நீங்கள் முன்பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. துணி வெளிநாட்டிலிருந்து வந்தால் நீங்கள் தையலைத்தான் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள், சரக்கு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒருவர் முப்பது நாள் என்றார், எழுபதாம் நாள் போன் செய்தால் துணி இன்னும் கப்பலில். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபேக்டரி பெயரையும் முகவரியையும் தர மறுக்கும் ஏஜென்டிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

துணி விஷயம் வரியிலும் உதைக்கும். ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் நண்பர் 'ஏ.டி.ஆர் சான்றிதழ் இருந்தால் போதும், வரி இல்லை' என்பார். அவருக்கு அது சரி. துருக்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே சுங்க வளையத்தில் இருப்பதால், துருக்கிக்குள் வரி கட்டி நுழைந்த சரக்கு எங்கே செய்யப்பட்டிருந்தாலும் அங்கே போகலாம். பிரிட்டன் அந்த வளையத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. 2021 ஜனவரி முதல் இங்கே ஏ.டி.ஆர் செல்லாது, துருக்கியில் உருவான பொருள் என்ற சான்று வேண்டும். உங்கள் டி-ஷர்ட்டுக்கு அதன் அர்த்தம், நூலிலிருந்து துணி பின்னுவதும் வெட்டித் தைப்பதும் அங்கேயே நடந்திருக்க வேண்டும். நூல் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. பின்னிய துணியைச் சீனாவிலிருந்து இறக்கி இஸ்தான்புல்லில் தைத்தால் சலுகை கிடையாது, 12 சதவீதம் கட்ட வேண்டும், 5 பவுண்ட் கணக்கே கவிழ்ந்துவிடும். சுங்கத்துறை இதைச் சரக்கு வந்த அன்றே கேட்பதில்லை என்பதுதான் கொடுமை. இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வரும், அப்போது ஏஜென்டின் போன் எண் மாறியிருக்கும். அரசு இணையதளத்தில் இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டமோ தெரியவில்லை.

இடையூறு பயத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில் செங்கடலை விட்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது பத்துப் பதினைந்து நாள் கூடியது. முதல் சில மாதம்தான் அடி, எப்போது வரும் என்றே யாருக்கும் தெரியவில்லை. சுற்றுவழிதான் என்று உறுதியான பிறகு அது வெறும் நீளமான பயணம், முன்கூட்டி ஆர்டர் கொடுத்தால் முடிந்தது. துருக்கி பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். அதே வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி நிலநடுக்கம் அடித்த கஹ்ரமன்மராஷ் நூற்பாலைகள் நிறைந்த ஊர். தையல் கூடங்கள் இஸ்தான்புல்லில் நன்றாகத்தான் இருந்தன, அடி விழுந்தது நூல் நூற்கும் ஊரில். துருக்கிக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே உள்ள கப்பிக்குலே எல்லையில் லாரிகள் நாள் கணக்கில் வரிசை நிற்பதும் உண்டு.

முதலில் ஒரே ஒரு பிரிண்ட், 300 உருப்படி போட்டுப் பாருங்கள். முன்பணம் கட்டிய தேதியைக் குறித்து வைத்து, துணி வாங்கிய பில்லின் நகலை ஃபேக்டரியிடமே கேளுங்கள், ஏஜென்டிடம் வேண்டாம். துணி பின்னியது யார் என்று அதில் இருக்கும்.