கொட்டாங்குச்சிக் கரியும் ஒரு மெயிலும்

கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர்களிடம் ஆய்வு வாய்ப்பு கேட்டு நாற்பது மெயில் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. எப்படித்தான் எழுத வேண்டும்?

நாற்பது பேருக்கும் ஒரே மெயிலைத்தான் அனுப்பியிருப்பீர்கள். கோபப்படாதீர்கள், நானும் அதே கேஸ்தான்.

எம்டெக் முடித்து பெங்களூரு மடிவாளாவில் பிஜியில் இருந்தேன். ப்ராஜெக்டில் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, சோடியம் பேட்டரிக்கு மின்முனை செய்திருந்தேன். மெயிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "ரெஸ்பெக்டட் சார், உங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன" என்று ஒரு பக்கம். ஜெர்மனியில் அதைப் பெற்ற "சார்" ஒரு பெண்மணி.

பிஜியில் இருந்த மதுரை அக்கா படித்துவிட்டுச் சொன்னார்: "உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டாலும் இது பொருந்துமேடி!" அவர் படித்தது தாவரவியல்.

பிறகு அந்தப் பெண்மணியின் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அவருக்கே மறுபடி எழுதினேன். தலைப்பு வரியிலேயே "ஜனவரி முதல் ஆறு மாத ஆய்வுப் பயிற்சி: சோடியம் பேட்டரி". "டியர் ப்ரொபசர்" போட்டுக் குடும்பப் பெயர். நான் யார் என்று ஒரு வரி. அப்புறம் வேலை: 1100 டிகிரியில் சுட்டேன், முதல் சுற்றில் ஏற்றிய மின்னூட்டத்தில் 62 சதவீதம்தான் திரும்பியது. கட்டுரையில் அவர்கள் 1300 டிகிரியில் சுட்டு 80-ஐத் தாண்டியிருந்தார்கள். கொட்டாங்குச்சியில் பொட்டாசியம் சாம்பல் இருக்கும்; அமிலத்தில் கழுவினால் அது போய்விடும். அதனால் முன்னேற்றம் சூட்டினால் வந்ததா, சுடுவதற்கு முன் அமிலத்தில் கழுவினீர்களா என்று கேட்டேன். இடம் இருக்கிறதா, உதவித்தொகைக்கு நானே விண்ணப்பிக்கத் தயார் என்று முடித்தேன். ஒரு பக்க சிவி, பிடிஎப்பாக. மொத்தம் 130 சொல்தான். அக்டோபர் தொடக்கம், நம் நேரம் பகல் 12.30-க்கு அனுப்பினேன்; அங்கே காலை 9 மணி.

மூன்றாம் நாள் பதில்: "கழுவினோம். கட்டுரையின் இணைப்புக் கோப்பில் இருக்கிறது. வியாழக்கிழமை பேசலாமா?"

அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. மானம் போனது. நீங்கள் திறந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இது அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கலாம். இந்த மாதிரி பதினொன்று அனுப்பினேன், பதில் மூன்று, அதில் இரண்டு "இடமில்லை". பதில் வராதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை. மாதிரி மெயில் போடச் சொல்லாதீர்கள். போட்டால் அடுத்த நாற்பது பேர் அதையே அனுப்புவீர்கள்.

உண்மையில் என்னைப் படுத்தியது மெயில் இல்லை, பரிந்துரைக் கடிதம். ஜெர்மனியில் இரண்டு கேட்டார்கள். என் கைடு "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார். போடுவதற்கு மூன்று வாரம். என்னை நானே "கடின உழைப்பாளி" என்று எழுதிக்கொண்ட கூச்சம் இன்னும் போகவில்லை.